"காணேல்லை" என்றால் "இல்லை" ஆகுமா? தொடர் ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஒரு வரி

பெருங்குடல் புற்றுக்கு ஒபரேஷன் செய்த மாமியின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று பின்னேரம் நான் வெள்ளவத்தை வீட்டுக்குப் போனேன். படி ஏறுவதற்குள் மச்சாள் கேற்றைத் திறந்துகொண்டே "ஒண்டுமில்லையாம்" என்றாள். கிளினிக்கில் டொக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் "முகுத் நே" என்று சொல்லியிருக்கிறார். அது தமிழில் "ஒண்டுமில்லை" ஆயிற்று. லண்டனில் இருக்கும் மூத்தவனுக்கு வட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தபோது "அம்மாவுக்கு முழுக்கச் சுகம்" ஆகிவிட்டது. மேசையில் கிடந்த தாளின் கடைசிப் பந்தியில் இருந்ததோ இவ்வளவுதான்: "நோ எவிடன்ஸ் ஒஃப் லோக்கல் ரெக்கரன்ஸ் ஓர் டிஸ்டன்ட் மெற்றாஸ்டசிஸ்."

நான் கொழும்பில் ஸ்கேன் பிரிவில் வேலை செய்பவன். படம் எடுப்பது என் வேலை. அதைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது கதிரியக்க வைத்திய நிபுணரின் வேலை. அந்த வரி அச்சாகி வெளியே போவதை ஒரு நாளைக்குப் பலமுறை பார்க்கிறேன். ஆனாலும் சொந்த வீட்டில் அதை விளங்கப்படுத்துவதற்கு எனக்கு நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. "புற்று அதே இடத்தில் மீண்டும் வந்ததற்கோ தூர உறுப்புகளுக்குப் பரவியதற்கோ சான்று இல்லை" என்றேன். "அதைத்தானே நானும் சொன்னனான்" என்றாள் மச்சாள்.

பிறகுதான் உறைத்தது, வீட்டிலேயே அந்தச் சொல் இருக்கிறது என்று. பேனை தொலைந்தால் நாங்கள் "பேனை இல்லை" என்று சொல்வதில்லை, "பேனையைக் காணேல்லை" என்கிறோம். கேட்டவுடன் அம்மாமார் விடும் அடுத்த கேள்வி: "எங்க தேடினனீ?" ரிப்போர்ட்டின் அந்த வரி ஒரு "காணேல்லை"தான். அதற்கு எவ்வளவு பெறுமதி என்பது, எங்கே தேடினார்கள், எந்த வெளிச்சத்தில் தேடினார்கள், எவ்வளவு சின்னதைக் கண்டுபிடிக்கக்கூடிய கண், பழைய இடம் எப்படி இருந்தது என்று தெரிந்து தேடினார்களா என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் அதே தாளில் இருக்கும், யாரும் படிக்காத மேல் பந்திகளில்.

மாமிக்கு வயது 61. பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மொயிட் பகுதியில் கட்டி. ஒபரேஷனில் அந்தத் துண்டை எடுத்து இரண்டு முனைகளையும் பொருத்தினார்கள். கூடவே எடுத்த 18 நிணநீர்க் கணுக்களில் மூன்றில் புற்றுநோய் இருந்தது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியதற்குச் சான்று இல்லை. இது மூன்றாம் நிலை. ஆறு மாதம் கீமோ முடித்து, முதல் வருட ஸ்கேன் எடுத்தபோது வந்த வரிதான் மேலே உள்ளது.

அந்த ரிப்போர்ட்டில் "டெக்னீக்" என்ற தலைப்பின் கீழ், நெஞ்சு, வயிறு, இடுப்பு ஆகியவற்றின் சி.ரி. ஸ்கேன், ஊசி மருந்துடன், என்று இருந்தது. தேடிய இடம் அவ்வளவுதான். மூளை அதில் இல்லை. பெருங்குடல் புற்று மூளைக்குப் போவது அரிது என்பதால் வழமையாகச் சேர்ப்பதும் இல்லை. ஆனால் "உடம்பு முழுக்கப் பார்த்தாச்சு" என்று யாராவது சொன்னால் அது பிழை. அதேபோல, குடலைப் பொருத்திய இடத்தின் உட்சுவரில் வளரும் சின்னத் தடிப்பையோ புதிதாக முளைக்கும் பொலிப்பையோ இந்த ஸ்கேன் நம்பத்தக்க விதத்தில் காட்டாது. அதற்கு, குழாய் விட்டுக் குடலின் உள்ளே பார்க்கும் கொலனொஸ்கொப்பிதான் வேண்டும். வழமையாக ஒபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் முதலாவது. "ஸ்கேன் க்ளியர்தானே, பிறகு ஏன் குழாய் விடவேணும்?" என்று மாமி கேட்டா. ஸ்கேன் வீட்டின் அறைகளைப் பார்த்தது, தண்ணீர்க் குழாயின் உள்பக்கத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனா.

வெளிச்சம் என்று நான் சொன்னது அந்த ஊசி மருந்தை. எங்கள் ஆட்கள் "டை" என்பார்கள். பெருங்குடல் புற்று அதிகம் போய்த் தங்கும் இடம் ஈரல். ஈரலுக்கு வரும் இரத்தத்தில் நாலில் மூன்று பங்கு குடலிலிருந்து போர்ட்டல் நாளம் வழியாக வருகிறது. அங்கே பரவிய புற்றோ பெரும்பாலும் தமனி இரத்தத்தில் வாழ்கிறது. அதனால் மருந்தை ஏற்றி ஏறக்குறைய 70 செக்கனில் படம் எடுத்தால் நல்ல ஈரல் வெளிச்சமாகவும் புற்றுள்ள இடம் கறுப்புப் பொட்டாகவும் தெரியும். டை போடாமல் எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு, கிரியற்றினின் கூடினவருக்கு, சில வேளை டை இல்லாமல்தான் எடுக்க வேண்டிவரும். அப்போதும் அதே "நோ எவிடன்ஸ்" வரி வரலாம், ஆனால் அது அரை இருட்டில் தேடியவரின் "காணேல்லை". நல்ல நிபுணர் "டை போடாததால் ஈரலை மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே மதிப்பிட முடிந்தது" என்று ஒரு வாக்கியம் சேர்ப்பார். வீட்டாரின் கண் அந்த வாக்கியத்தைத் தாண்டி நேரே கடைசிக்கு ஓடிவிடும்.

அளவு பற்றிய கேள்விதான் மனதுக்குக் கடினமானது. ஒரு புற்றுக்கலம் இரண்டாகி, இரண்டு நாலாகி வளர்கிறது. மருத்துவப் பாடங்களில் சொல்லும் தோராயக் கணக்குப்படி, 20 முறை இரட்டித்தால் ஏறக்குறைய பத்து லட்சம் கலங்கள்: ஒரு மில்லிமீற்றர், கடுகு அளவுகூட இல்லை. 30 முறை இரட்டித்தால் நூறு கோடி: ஒரு சென்ரிமீற்றர், கொண்டைக்கடலை அளவு. நுரையீரலில் கறுத்த காற்றுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி தனித்துத் தெரிவதால் மூன்று நாலு மில்லிமீற்றரைக்கூடப் பிடிக்கலாம். ஈரலில் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்ததைக் கண்டாலும் இன்னதென்று சொல்வது கஷ்டம். வயிற்றின் உட்சவ்வில் மணல் தூவினதுபோல் பரவியிருந்தால் சி.ரி. ஸ்கேன் பல வேளை தோற்றுப்போகும். ஆகவே அந்த வரி மறைமுகமாகச் சொல்வது: முதல் இருபத்துச் சொச்ச இரட்டிப்புகளைப் பற்றி இந்த மெஷினுக்கு ஒன்றும் தெரியாது.

இதைக் கேட்டவுடன் "அப்ப பெட் ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரியுமே" என்பவர்கள் நிறையப் பேர். அதற்கும் அளவு வரம்பு இருக்கிறது. சில மில்லிமீற்றர் புள்ளிகள் அதிலும் மங்கிப்போகும். அதோடு அது சீனியை உறிஞ்சும் வேகத்தைப் பார்க்கும் ஸ்கேன். சளிபோன்ற பொருளைச் சுரக்கும் வகைக் குடற்புற்று சீனியைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும். சந்தேகம் எதுவும் இல்லாதபோது பெருங்குடல் புற்றின் வழமையான கண்காணிப்புக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. கையில் காசு இருக்கிறது என்பதற்காக எடுக்கும் பரிசோதனை இல்லை அது.

மாமியின் ரிப்போர்ட்டில் உண்மையில் எங்களைக் கலக்கியது கடைசி வரிக்கு மேலே இருந்த ஒன்று. "வலது நுரையீரலின் கீழ்ப் பகுதியில் 4 மி.மீ. முடிச்சு. இன்னதென்று தீர்மானிக்க முடியாத அளவுக்குச் சிறியது. ஒப்பிடப் பழைய ஸ்கேன் கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் மீள்ஸ்கேன் செய்யவும்." மச்சாள் இதை இரவு பதினொரு மணிக்குத்தான் கண்டாள். உடனே எனக்குக் கோல். "ஒண்டுமில்லை எண்டிட்டு முடிச்சு எண்டு எழுதியிருக்கினம். எது உண்மை?"

இரண்டுமே உண்மை. முடிச்சு இருக்கிறது. அது புற்று என்பதற்குச் சான்று இல்லை. ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒரு சின்ன முடிச்சு உள்ள மனிதர்கள் ஏராளம், பழைய கிருமித் தொற்று விட்டுப்போன தழும்பாகவும் இருக்கலாம். புற்றா தழும்பா என்பதை 4 மில்லிமீற்றர் புள்ளியின் தோற்றம் சொல்லாது, காலம்தான் சொல்லும். காலத்தைப் பார்க்கப் பழைய படம் வேண்டும். ஒபரேஷனுக்கு முன் ஓர் அரச வைத்தியசாலையில் எடுத்த ஸ்கேனின் சீடி, மாமி வீட்டு அலுமாரியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இருந்தது. ஸ்கேன் எடுத்த தனியார் இடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, இவர்களும் கொடுக்கவில்லை. கொழும்பில் இது அன்றாடம் நடக்கிறது: ஒரு ஸ்கேன் அரச வைத்தியசாலையில், அடுத்தது தனியாரில், மூன்றாவது வேறொரு தனியாரில். படங்கள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

சீடியைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்பிட்டு எழுதித் தரும்படி கேட்டோம். ஒரு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் அதே 4 மி.மீ. இருந்தது. புதிய ரிப்போர்ட்டில் மூன்று மாத மீள்ஸ்கேன் போய், "மாற்றமின்றி உள்ளது, அடுத்த வருட ஸ்கேனில் கவனிக்கவும்" என்று வந்தது. புள்ளி மாறவில்லை, மெஷின் மாறவில்லை, வாக்கியம் மாறிவிட்டது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பருமன் இரட்டிக்கும் புற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் நாலு இரட்டிப்பு, பருமன் 16 மடங்கு. உருண்டையின் பருமன் 16 மடங்கானால் விட்டம் இரண்டரை மடங்கு ஆகும். 4 மி.மீ. முடிச்சு 10 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆனாலும் நிபுணர் முற்றாகக் கைகழுவாததற்குக் காரணம் உண்டு. இடையில் ஆறு மாதம் கீமோ ஓடியது, அது வளர்ச்சியை அமுக்கி வைத்திருக்கக்கூடும். இதே கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 4 மி.மீ. 5 மி.மீ. ஆனால் பருமன் ஏறக்குறைய இரட்டிக்கிறது, ஆனால் ஒரு மில்லிமீற்றர் என்பது அளக்கும் கை சற்று நகர்ந்தாலே வரும் வித்தியாசம். அதனால்தான் ஒரு மில்லிமீற்றர் கூடினதைக் கண்டு யாரும் உடனே ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை. இன்னொரு ஸ்கேனுக்குக் காத்திருப்பார்கள்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ரிப்போர்ட்டுகளின் ஆங்கிலம் வெளியுலக ஆங்கிலம் இல்லை. "அன்ரிமார்க்கபிள்" என்று ஈரலைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து அழுத ஒருவரை எனக்குத் தெரியும். குறிப்பிட ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். "ஸ்டேபிள்" என்பது புள்ளியின் அளவு மாறவில்லை என்பது, ஆளின் உடல்நிலையைப் பற்றியது இல்லை. கவனிக்க வேண்டியவை "நோ"வுக்கும் "எவிடன்ஸ்"க்கும் இடையில் நுழையும் சின்னச் சொற்கள். "நோ டெஃபினிட் எவிடன்ஸ்" என்றால், சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று எதுவும் காணவில்லை, ஆனால் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது, அல்லது படம் அவ்வளவு தெளிவில்லை. "நோ குறோஸ் எவிடன்ஸ்" என்றால் பெரிதாகத் தெரியக்கூடியது இல்லை. சில நிபுணர்களுக்கு இவை பழக்கத்தில் விழும் சொற்கள், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் போடுவார்கள். சிலர் அளந்து போடுவார்கள். எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது. ஆனால் போன ரிப்போர்ட்டில் இல்லாத சொல் இந்த ரிப்போர்ட்டில் புதிதாக வந்திருந்தால், சிகிச்சை தரும் டொக்டரிடம் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்பது நியாயம்.

மாமியின் இரண்டாவது வருட ரிப்போர்ட்டில் அந்தச் சொல் வந்தது. "நோ டெஃபினிட் எவிடன்ஸ்." ஈரலைப் பற்றிய பந்தியில் "கொழுப்புப் படிந்த ஈரல்" என்றும் இருந்தது. நான் உட்பட யாரும் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை. முதல் வருடம் நான் விளங்கப்படுத்திய அதே கதை: கறுப்புப் பொட்டு தெரிவதற்கு ஈரல் வெளிச்சமாக இருக்க வேண்டும். கொழுப்புப் படிந்த ஈரல் ஸ்கேனில் தானே கறுத்துவிடும். கறுப்புப் பலகையில் கறுப்புப் பொட்டு. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கும் சில கீமோ மருந்துகள் எடுத்தவர்களுக்கும் இது சாதாரணமாக வருவது. மாமிக்கு எல்லாமே உண்டு.

ஸ்கேன் சொல்லாததை இரத்தம் சொன்னது. பல குடற்கட்டிகள் சுரக்கும் ஒரு பொருளை இரத்தத்தில் அளக்கும் சி.ஈ.ஏ. என்ற பரிசோதனையைப் பெருங்குடல் புற்றுக்காரருக்கு முதல் சில வருடங்களில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வார்கள். ஐந்துக்குள் இருந்தால் சாதாரணம் என்பது பல ஆய்வுகூடங்களின் எல்லை. மாமிக்கு 2.1, 2.4 என்று இருந்தது, இரண்டாம் வருட ஸ்கேனுக்குப் பிறகு 4.8 ஆயிற்று. எல்லைக்குள்தான், ஆனால் தன் பழைய அளவின் இரண்டு மடங்கு. ஒரு தடவை கூடினதை நம்பக்கூடாது. புகைப்பதாலும் ஈரல் கோளாறாலும் கூடும், ஆய்வுகூடம் மாறினாலும் எண் மாறும். அதே ஆய்வுகூடத்தில் நாலு கிழமைக்குப் பிறகு மறுபடி பார்த்தார்கள்: 6.9. (எல்லாக் கட்டியும் இதைச் சுரப்பதில்லை. ஒபரேஷனுக்கு முன் கூடாதிருந்தவருக்கு, பின்னர் கூடாததை வைத்து ஆறுதல் அடைவது சரியில்லை.) ஈரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலது பக்கம் கீழே 9 மி.மீ. பொட்டு ஒன்று.

மச்சாளுக்குக் கோபம். "ரெண்டு மாசத்துக்கு முதல் இல்லை எண்டவை. அப்ப அந்த ரிப்போர்ட் பொய்யோ?" நான் பழைய சி.ரி. படத்தைத் திறந்து அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இன்ன இடம் என்று தெரிந்த பிறகு பார்த்தால், சாம்பலுக்குள் ஒரு மெல்லிய சாம்பல் தெரிகிறது போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது. தெரியாமல் பார்த்திருந்தால் நானும் தாண்டிப் போயிருப்பேன். நிபுணருக்கும் ஏதோ தோன்றியிருக்கும், அதனால்தான் "டெஃபினிட்" வந்திருக்கும் என்பது என் ஊகம். தனக்குத் தோன்றியதை அவர் ஒரு வாக்கியமாக, "கொழுப்பினால் ஈரலின் மதிப்பீடு மட்டுப்படுகிறது, தேவையெனில் எம்.ஆர்.ஐ." என்று எழுதியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும். எழுதாதது குறைதான். ஆனால் எழுதிய வரி பொய்யில்லை. நிபுணர்களின் கண் உண்மையிலேயே தவறவிடுவதும் உண்டு, அது வேறு. அப்படிச் சந்தேகம் வந்தால் படங்களை இன்னொரு நிபுணரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். அதற்கு ரிப்போர்ட் தாள் போதாது, சீடி வேண்டும்.

தனியாக ஒரு பொட்டு, வேறெங்கும் இல்லை என்பதால் ஈரலின் அந்தத் துண்டை வெட்டி எடுக்க முடிந்தது. பெருங்குடல் புற்று ஈரலுக்குப் போனாலும், சின்னதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது பிடிபட்டால் குணமாக்கும் நோக்கத்தோடு ஒபரேஷன் செய்யும் வழி உண்டு. ஸ்கேனும் இரத்தமும் மாறி மாறி எடுப்பதன் பயன் இப்படியான இடத்தில்தான் கிடைக்கிறது. ஒன்று காணாததை மற்றது காணும்.

அப்படியானால் அந்த வரி எதைத்தான் உறுதிசொல்கிறது? அந்தத் திகதியில், பார்த்த பகுதிக்குள், கண்ணுக்குத் தெரியக்கூடிய அளவில், புற்று என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. இது சின்ன விஷயமில்லை. பெரிய கட்டி, கல்லீரல் நிறையப் பரவல், அடைப்பு, இவையெல்லாம் அன்று இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அடுத்த ஸ்கேன்வரை வராது என்று அது சொல்லவில்லை. புதிதாக வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு வந்தால், "போன மாசம்தானே க்ளியர் எண்டவை" என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று, இந்த வரியின் கனம் வருடத்துக்கு வருடம் மாறும். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்று திரும்ப வருவதாக இருந்தால், பத்தில் எட்டுப் பங்கு முதல் மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருவது குறைவு. ஆகவே நாலாவது வருடம் வரும் "நோ எவிடன்ஸ்", முதலாம் வருடம் வந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் அதைவிடப் பெரிய செய்தி. அந்தக் கூடுதல் கனத்தை ஸ்கேன் மெஷின் கொடுக்கவில்லை, கடந்துபோன நாட்கள் கொடுத்தன. ஈரலில் திரும்ப வந்த மாமிக்கோ அந்த நாட்காட்டி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டது.

போன கிழமை அவவின் புதிய ரிப்போர்ட் வந்தது. மச்சாள் கடைசிப் பந்தியை வாசிக்கத் தொடங்க, மாமி கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்டா: "அதை விடு பிள்ளை. மேல வாசி. ஈரலை எம்.ஆர்.ஐ.யில பாத்தவையோ? பழைய சீடியைப் பாத்திட்டுத்தான் எழுதினவையோ?"